மெய்யா, நெய்யா

ஊர் பெயர் வேண்டாம். திருவாரூர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு சிறுகதையாகவே படிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லைப் படிக்கிற முறை மட்டும் கதையல்ல.

அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. ஐப்பசி அடைமழை. சிறப்பு வகுப்பு முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொள்ள, நானும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் சிவன் கோயிலுக்குள் ஓடி ஒதுங்கினோம். கோயிலில் மெய்க்காவல்காரரைத் தவிர யாரும் இல்லை. கருவறையின் தெற்குச் சுவர் ஓரம், கூரைத் தகரத்திலிருந்து விழுந்த தண்ணீர் அடித்து அடித்து, பல வருடச் சுண்ணாம்பு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. சுண்ணாம்புக்குக் கீழே எழுத்து.

பையன் ஒருவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "டீச்சர், இது தமிழா?"

தமிழ்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. படித்துக் காட்டு என்று கேட்டுவிடுவானோ என்ற பயம்தான் காரணம். எம்.ஏ. தமிழ், பி.எட்., எல்லாம் இருந்தது. கல்லில் இருந்த தமிழில் 'ப', 'ம', 'ய', 'க' தவிர எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. "பழைய தமிழ்ப்பா" என்று சொல்லி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் தனியாகப் போனேன். கைபேசி விளக்கை நேராக அடித்தால் கல் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. கையை அசைத்தபோது தற்செயலாக வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது, அவ்வளவுதான், ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. சுவரோடு சுவராகக் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்ப்பதுபோல விளக்கைச் சாய்க்க வேண்டும். இருட்டிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். முதல் நாள் பிள்ளைகள் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கலாம் என்றார்கள், மெய்க்காவல்காரர் கோதுமை மாவு நல்லா எடுக்கும் என்றார். இரண்டையும் செய்யவில்லை. அறிவால் அல்ல, அன்றைக்கு இரண்டுமே கையில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது நல்லதாகப் போயிற்று. சாக்பீஸ் நம் கண்ணுக்குப் பட்ட எழுத்தைத்தான் காட்டும், இல்லாத கோட்டையும் சேர்த்து.

இரண்டு வாரம் ஆயிற்று ஒரு வரியை எழுதிக்கொள்ள. ஏழடி நீளக் கல், கருவறையின் அடித்தளத்தில் பட்டியாக ஓடுவது, அதில் ஒரே ஒரு வரி. நான் நோட்டில் எழுதியது இது:

நெயயூறறவநதொரநினைபபொழியுமபொதெலலாமபொயயாததிரியாயபபுகுநதுநினறான

இதற்குமேல் கல்லின் வலது முனை சிதைந்திருந்தது. அங்கே துளை போட்டு ஒரு இரும்பு ஆணியை அடித்து, பிராகாரத்து பல்புக்குப் போகிற ஒயரைக் கட்டியிருந்தார்கள். துளையைச் சுற்றி இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து, மேலே சிமென்ட் பூசியிருந்தது.

மேலே எழுதியிருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். உண்மையில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஆகவே 'நெயயூறற' என்பது 'நெய்யூற்ற'. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள், ஆகவே 'வநதொர' என்பது 'வந்தோர்'. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, செய்யுளாக இருந்தாலும் அடி பிரிக்க மாட்டார்கள். இது போக, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'யா' என்று நாம் படிப்பது 'யர' ஆகவும் இருக்கலாம். எது என்பதைக் கல் சொல்லாது, பொருள்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் இருந்தார். போனில் நோட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "இன்னொரு தடவை, மெதுவா சொல்லும்மா" என்றார். சொன்னேன். "நெய்யூற்ற வந்தோர்... பொய்யாத் திரியாய்... இது பாட்டும்மா. காதுல விழலியா?"

விழவில்லை. அதுதான் வெட்கம். வருடா வருடம் கரும்பலகையில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுத வைக்கிறவள் நான். மூன்று மதிப்பெண் கேள்வி. 'நெய்', 'பொய்' என்று எதுகை காலில் இடித்துக்கொண்டு நிற்கிறது, நான் இரண்டு வாரமாக அதை உரைநடையாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டு என்றதும் எனக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே திருவிடைவாசல் இருக்கிறது. தேவார ஏடுகள் எதிலும் இல்லாத ஒரு சம்பந்தர் பதிகம் அந்தக் கோயில் கல்வெட்டில் இருந்து 1917-இல் கிடைத்தது. 'மறியார் கரத்தெந்தை' என்று தொடங்கும் பதிகம். இன்று அச்சாகும் மூன்றாம் திருமுறையின் கடைசியில் அதைச் சேர்த்திருப்பார்கள். ஓலையில் தப்பாதது கல்லில் தப்பியது. செல்லரித்துப் போன தேவார ஏடுகளின் கதையைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த எவருக்கும், ஒரு கோயில் சுவரில் தெரியாத பாட்டு ஒன்று கிடைத்தால் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

"ஐயா, ஒருவேளை இதுவும்..." என்று இழுத்தேன்.

"வெண்பாவா இருக்கேம்மா. தேவாரத்துல வெண்பா ஏது?" என்றார். ஒரு வரியில் முடித்துவிட்டார். என் முகம் போன போக்கு போனிலேயே தெரிந்திருக்க வேண்டும். "பதினோராந் திருமுறையில வெண்பா உண்டு. ஐயடிகள் காடவர்கோன் தலங்களைப் பத்தி இருபத்திநாலு வெண்பா பாடியிருக்கார். அதையும் புரட்டிப் பாத்துட்டு வா" என்றார். புரட்டினேன். இல்லை. காரைக்காலம்மையாரின் அந்தாதியிலும் இல்லை. பெயர் தெரியாத யாரோ ஒருவர் பாடியது. சரி.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. "வெண்பான்னா கணக்கு இருக்கு. உன் கல்லுல இருக்கறது முதல் ரெண்டு அடி. ரெண்டாவது அடியில ஒரு சீர் குறையுது பாரு, அது தனிச்சொல். அது போக இன்னும் ஏழு சீர் எங்கியோ கிடக்கு. தேடு."

ஏழு சீர். தொலைந்தது எவ்வளவு என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டு தேடுவது வேறு எதில் நடக்கும்? பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் யாப்பிலக்கணத்தை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார்கள்.

முதல் கல்லுக்கு அடுத்த கல்லில் தொடர்ச்சி இல்லை. அதில் 'கீழ்பாற்கெல்லை' என்று ஏதோ நிலத்தின் எல்லை போய்க்கொண்டிருந்தது, எழுத்தும் சின்னது. திருப்பணி செய்யும்போது கற்களைப் பிரித்து மறுபடி அடுக்குவார்கள், அப்போது வரிசை மாறிவிடும், தலைகீழாகக்கூடப் போய் உட்காரும் என்று ஐயா சொல்லியிருந்தார். வாசகத்தைத் தேடாதே, கல்லைத் தேடு என்றார். அதே உயரம், அதே எழுத்தளவு, வெட்டுவதற்கு முன் கல்தச்சர் இழுத்த மெல்லிய கோடு மேலும் கீழும் இருக்கிறதா என்று பார்.

நூலால் முதல் கல்லின் உயரத்தை அளந்து, முடிச்சுப் போட்டு, நாலு பிள்ளைகளும் நாலு பக்கம் போனார்கள். மடைப்பள்ளிக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துப் படியாக ஒரு கல் கிடந்தது. பக்கவாட்டில் எழுத்து. மெய்க்காவல்காரர் மகள்தான் கண்டுபிடித்தாள். எழுத்தெல்லாம் வேற பாஷை மாதிரி இருக்கு டீச்சர் என்றாள். கைபேசியில் படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். தமிழாகிவிட்டது.

கவிலலாலெயிலமூனறுமவெவிதததீயனறொஇலலிலசிறுவிளககாயிஙகு

"கவின்னு ஆரம்பிக்குது டீச்சர்! புலவர் பேரு வருது!" என்று ஒரே கூச்சல். எனக்கும் அப்படித்தான் பட்டது. கவி என்றால் யாரோ ஒரு கவி. அன்று இரவு முழுக்க அந்த 'கவி'யை வைத்துக்கொண்டு பொருள் பண்ணப் பார்த்தேன். 'லலால' என்று மீதி நிற்கிறது, அதற்கு ஒரு வழியும் இல்லை.

மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். கடைசியில் இருந்து பிரித்துக்கொண்டு வந்தோம். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர். இல்லில், சிறுவிளக்காய், இங்கு. 'இங்கு' காசு வாய்பாடு, சரியாக உட்கார்ந்தது. ஈற்றடி 'இல்லில்' என்று தொடங்கினால் மூன்றாமடி எதுகைக்கு அதன் இரண்டாம் எழுத்தும் 'ல்' ஆக இருக்க வேண்டும். 'கவி' என்று தொடங்கினால் இரண்டாம் எழுத்து 'வி'. ஒட்டவில்லை. 'க'வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 'வில்லால்'. வில்லால், இல்லில். மோனையும் வருகிறது, முதல் சீர் 'வி', மூன்றாம் சீர் 'வே'. அப்போ 'க'? அது மூன்றாம் அடியுடையதே அல்ல. முதல் கல்லில் உடைந்துபோன தனிச்சொல்லின் கடைசி எழுத்து, கல் மாறி இங்கே வந்து ஒண்டியாக நிற்கிறது.

பாட்டு இப்படி வந்தது:

நெய்யூற்ற வந்தோர் நினைப்பொழியும் போதெல்லாம்
பொய்யாத் திரியாய்ப் புகுந்துநின்றான் – [.....]க
வில்லால் எயில்மூன்றும் வேவித்த தீயன்றோ
இல்லில் சிறுவிளக்காய் இங்கு

விளக்குக்கு நெய் ஊற்ற வந்தவர்கள் மறந்துபோகும் போதெல்லாம், தானே அணையாத திரியாக வந்து புகுந்து நின்றான். அன்று வில்லெடுத்து முப்புரத்தையும் எரித்த அதே தீ அல்லவா, இந்த இல்லில் இங்கே ஒரு சின்ன விளக்காய் நிற்கிறது.

எனக்கு இதில் இருக்கும் குத்தல் பிடித்தது. நெய் ஊற்றாதவர்களைப் பாடியவர் திட்டவில்லை. சாமியைப் புகழ்கிறமாதிரி புகழ்ந்து கணக்கைச் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கும் அதே கல்லில் இருந்தது. பாட்டு முடிந்து சற்று இடம் விட்டு, உரைநடையில், 'சாவா மூவாப் பேராடு ௯௰௬' என்று தொடங்கி உடைகிறது. ௯௰௬ என்றால் தொண்ணூற்றாறு. சோழர் காலக் கல்வெட்டுகளில், அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு அடிக்கடி வரும் கணக்கு இது. தொண்ணூற்றாறு ஆட்டை ஒரு இடையர் பொறுப்பில் விடுவார்கள், அவர் தினமும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். சாவாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். ஆடு சாகும். குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டியது இடையரின் கடமை. ஏட்டுக் கணக்கில் மந்தைக்குச் சாவு இல்லை. நெய்க்கு ஏற்பாடு இவ்வளவு கெட்டியாக இருந்தும் 'நினைப்பொழியும் போதெல்லாம்' என்று ஒருவர் பாட வேண்டி வந்திருக்கிறது. ஒருவேளை ஒரு தடவை நின்றுபோன விளக்கை மறுபடி ஏற்றியபோது பாடியதாக இருக்கும். அது என் ஊகம், அவ்வளவுதான்.

தை மாதம் ஐயா நேரில் வந்தார். செயல் அலுவலரிடம் அனுமதி எழுதி வாங்கியிருந்தோம், படி எடுக்க. அதைப் பார்த்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேங்காய் நார்த் தூரிகையால் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினார், எழுத்துப் பள்ளத்தில் இருந்த சுண்ணாம்பை ஈர்க்குச்சியால் எடுத்தார், இரும்பு எதையும் கிட்ட விடவில்லை. தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்மேல் ஒட்டி, குச்சம் வைத்த தூரிகையால் அடித்தார். தட்டவில்லை, உண்மையிலேயே அடித்தார். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை. அப்புறம் காத்திருந்தோம். தாள் முக்கால்வாசி காய வேண்டும். ஈரம் இருக்கும்போது மை போட்டால் மை பள்ளத்துக்குள் ஓடிவிடும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். புறங்கையைத் தாள்மேல் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு துணிப் பந்தில் கருமையை எடுத்து ஒற்றினார். கறுப்புக்கு நடுவில் எழுத்துகள் வெள்ளையாக வந்தன. துளை இருந்த இடத்தில் அதுவும் ஒரு எழுத்துபோல வட்டமாக வெள்ளையாக வந்தது.

மதியம் மண்டபத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தனிச்சொல்லுக்கு வந்தோம். நான் தயாராக இருந்தேன். 'புகுந்துநின்றான்' காய்ச்சீர், அதன்பின் நேரசைதான் வர வேண்டும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து 'ய்', முதல் எழுத்து குறில். கடைசி எழுத்து 'க' கையிலேயே இருக்கிறது. கல்லில் ஓர் எழுத்து ஏறத்தாழ இரண்டு விரல் அகலம், உடைந்த இடம் பத்து விரல். ஐந்து உருவம் போகும். "மெய்யாக" என்றேன். கொம்பு, ம, ய, ய, கால். ஐந்து.

ஐயா தலையாட்டினார். மெய்க்காவல்காரர் மகள் ஊறுகாயை நக்கிக்கொண்டே, "நெய்யாகன்னும் வருமே டீச்சர்" என்றாள்.

எழுதிப் பார்த்தோம். கொம்பு, ந, ய, ய, கால். ஐந்துதான். குறில்தான், நேர்தான், எதுகையும் சரி. முதல் அடியிலேயே நெய் வந்துவிட்டது, எதுகையில் அதே சொல்லைத் திருப்பிப் போட மாட்டார்கள் என்றேன். அவள் விடவில்லை. "ஊத்த வந்தவங்க நெய் ஊத்தல. சாமி திரியா மட்டும் வந்து நின்னா எப்படி டீச்சர் எரியும்? நெய்யாவும் நின்னாத்தானே?"

ஐயா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அவர் எழுதிய பாடத்தில் 'மெய்யாக' என்றும் இல்லை, 'நெய்யாக' என்றும் இல்லை. ஐந்து புள்ளி வைத்து, பக்கத்தில் 'க' என்று எழுதி, இரண்டு ஊகத்தையும் அடியில் குறித்தார். கல்லில் இல்லாததைக் கல்லில் இருப்பதாக எழுதிவிட்டால் அப்புறம் அதை யாராலும் அழிக்க முடியாதும்மா என்றார்.

துளை போட்டது யார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் ஊர் சின்னது. பத்து நாள் கழித்து எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாக வந்து, "எங்க சித்தப்பாதான் டீச்சர் அந்த ஒயர் வேலை பாத்தாரு" என்றான். அந்த வாரக் கடைசியில் சித்தப்பாவே வந்தார். கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குற்றவாளிபோல நின்றார். "பெரிய எழுத்துங்களா டீச்சர்?"

ஒரே ஒரு சொல்தான், இரண்டில் எது என்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் பாதகமில்லை என்றேன். அவர் குனிந்து துளைக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ட்ரில்லு வைக்கறப்ப எழுத்து இருந்துச்சு, பாத்தேன். தமிழ் மாதிரிதான் இருந்துச்சு."

எனக்கு மூச்சு நின்றது. "எப்படி இருந்துச்சு? முதல் எழுத்து ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"கொம்பு போட்டிருந்துச்சு டீச்சர். அது நல்லா ஞாபகம் இருக்கு."